வளைவு எத்தனை முறை திரும்பலாம்? வரைபடத்துக்கு உரிய சமன்பாட்டைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு பக்கம் ஆறு வரைபடங்கள், மறுபக்கம் ஆறு சமன்பாடுகள். எது எதற்கு உரியது? இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: வளைவின் திருப்பங்களை எண்ணி, ஒன்றைக் கூட்டி, அதுவே படி என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டு திருப்பம் இருந்தால் மூன்றாம் படி, மூன்று இருந்தால் நான்காம் படி. பாதிக் கேள்விகளில் இது சரியாகவே வந்துவிடும். அதனாலேயே இது ஆபத்தான பழக்கம்.

விதி உண்மையில் சொல்வது இவ்வளவுதான்: n படியுள்ள பல்லுறுப்புக்கோவையின் வளைவுக்கு அதிகபட்சம் n − 1 திரும்பு புள்ளிகள் இருக்கலாம். "அதிகபட்சம்" என்ற சொல்லை விட்டுவிட்டு விதியைப் படித்தால் விதியே மாறிவிடுகிறது. n − 1 என்பது ஒரு கூரை. கூரை பத்தடி உயரத்தில் இருக்கிறது என்பதால் உள்ளே நிற்பவரும் பத்தடி உயரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கூரையோடு ஒரு தரையும் கிடைத்தால், அதாவது "குறைந்தது இத்தனை திருப்பம் இருந்தே தீரும்" என்று இன்னொரு வழியில் தெரிந்தால், இரண்டுக்கும் நடுவில் விடை சிக்கிக்கொள்ளும். இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் காட்டுகிறது. நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

திருப்பம் என்றால் எது?

வளைவின் மீது இடமிருந்து வலமாக நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் இறங்கத் தொடங்கினால் அது திரும்பு புள்ளி. இறங்கிக்கொண்டிருந்தவர் ஏறத் தொடங்கினாலும் அப்படியே. முதல் வகை ஒரு மேடு, இரண்டாவது ஒரு பள்ளம். ஏறிக்கொண்டே வந்து, ஒரு கணம் சமதளமாகி, மீண்டும் ஏறுவதே தொடர்ந்தால் அது திருப்பம் அல்ல. y = x³ என்ற வளைவு x = 0 இல் இப்படித்தான் சமதளமாகிறது. அங்கே திசை மாறவில்லை, எனவே அதற்குத் திருப்பம் ஒன்றுகூட இல்லை.

கூரை ஏன் n − 1 இல் நிற்கிறது? வகைக்கெழு தெரிந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். திருப்பம் நிகழும் இடத்தில் வகைக்கெழு பூஜ்ஜியமாக வேண்டும். n படியுள்ள கோவையின் வகைக்கெழு n − 1 படியுள்ள கோவை. அது n − 1 இடங்களுக்கு மேல் பூஜ்ஜியமாக முடியாது. மற்றவர்கள் நேர்கோட்டுக்குத் திருப்பமே இல்லை, x² உள்ள பரவளையத்துக்கு ஒன்று, மூன்றாம் படிக்கு இரண்டு வரை என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

முதல் படிநிலை: முனைகளைப் பார்த்து எண்ணிக்கையைச் சுருக்குதல்

சமன்பாட்டில் மிக உயர்ந்த படியுள்ள உறுப்பை முதலில் தேடுங்கள். அது முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. காரணிகளாகப் பிரித்து எழுதியிருந்தால் அடுக்குகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். (x − 1)²(x + 2) என்பதில் கண்ணில் படும் பெரிய அடுக்கு 2 என்றாலும் படி 3 தான்.

அந்த உறுப்பு ஒன்றே வளைவின் இரு முனைகளையும் தீர்மானிக்கிறது. படி இரட்டைப்படை, கெழு மிகை என்றால் இரு முனைகளும் மேல்நோக்கிப் போகும். படி ஒற்றைப்படை, கெழு மிகை என்றால் வளைவு இடப்பக்கம் கீழிருந்து வந்து வலப்பக்கம் மேலே போகும். கெழு குறையாக இருந்தால் படத்தைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒன்று கிடைக்கிறது. இரு முனைகளும் மேலே இருந்தால், நடப்பவர் இறக்கத்தில் தொடங்கி ஏற்றத்தில் முடிக்கிறார். ஒவ்வொரு திருப்பமும் திசையை ஒருமுறை புரட்டுகிறது. இறக்கத்தில் தொடங்கி ஏற்றத்தில் முடிய வேண்டுமானால் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் புரண்டிருக்க முடியும். ஆகவே நான்காம் படிக் கோவைக்கு மூன்று திருப்பங்கள் இருக்கலாம், ஒன்று இருக்கலாம். இரண்டு இருக்கவே முடியாது. அதே காரணத்தால் மூன்றாம் படிக்கு இரண்டு அல்லது பூஜ்ஜியம். ஐந்தாம் படிக்கு நான்கு, இரண்டு அல்லது பூஜ்ஜியம். கூரையிலிருந்து இரண்டிரண்டாகத்தான் இறங்க முடியும்.

இது நல்ல சோதனைக் கருவியும்கூட. இரு முனைகளும் மேலே போகும் வரைபடத்தில் இரண்டு திருப்பம் எண்ணினீர்கள் என்றால், எண்ணியதில் பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் படிநிலை: தரையைக் கண்டுபிடித்தல்

x க்கு −2, −1, 0, 1, 2 என்ற ஐந்து மதிப்புகளைக் கொடுத்து y ஐக் கணக்கிடுங்கள். கிடைக்கும் வரிசை எத்தனை முறை ஏற்ற இறக்கம் மாறுகிறது என்று பாருங்கள். குறைந்தது அத்தனை திருப்பங்கள் வளைவில் இருந்தே ஆக வேண்டும். புள்ளிகளுக்கு நடுவில் கூடுதலாக ஒளிந்திருக்கலாம், குறைவாக இருக்க வழியில்லை. பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் சமமாக வந்தால், அவற்றுக்கு நடுவில் ஒரு திருப்பமாவது உண்டு. ஒரே உயரத்தில் கிளம்பி அதே உயரத்துக்கு வந்து சேர வேண்டுமானால் நடுவில் எங்காவது திரும்பித்தானே ஆக வேண்டும்? படி ஒன்றோ அதற்கு மேலோ உள்ள பல்லுறுப்புக்கோவையின் வளைவு நடுவில் ஒரு துண்டு மட்டும் கிடைமட்டக் கோடாகக் கிடக்காது என்பதால் இதில் விதிவிலக்கு இல்லை.

இப்போது ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து பார்ப்போம். ஆறு சமன்பாடுகள்:

அ) y = (x − 1)²(x + 2)
ஆ) y = x³ + 3x + 2
இ) y = x⁴ − 4x² + 2
ஈ) y = x⁴ − 4x³ + 2
உ) y = 2 + 4x − 5x³ + x⁵
ஊ) y = x⁵ − 5x + 2

x = 0 என்று வைத்தால் ஆறும் 2 என்றே விடை தருகின்றன. y அச்சை எங்கே வெட்டுகிறது என்பதை வைத்துப் பொருத்தும் குறுக்குவழி இங்கே பலிக்கக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைத்தேன்.

வரைபடங்களைச் சொற்களில் தருகிறேன். ஒரு தாளில் கைவரைவாகப் போட்டுக்கொண்டால் பின்தொடர எளிது.

வரைபடம் 1: கீழிருந்து வந்து மேலே போகிறது. இரண்டு திருப்பம். இரண்டாவது திருப்பம் x அச்சை வெறுமனே தொட்டுவிட்டு மேலேறுகிறது.
வரைபடம் 2: இரு முனைகளும் மேலே. மூன்று திருப்பம்.
வரைபடம் 3: கீழிருந்து மேலே. இரண்டு திருப்பம். இரண்டாவது திருப்பம் x அச்சுக்குக் கீழே இருக்கிறது.
வரைபடம் 4: இரு முனைகளும் மேலே. ஒரே திருப்பம், y அச்சுக்கு வலப்பக்கம் மிக ஆழத்தில்.
வரைபடம் 5: கீழிருந்து மேலே. நான்கு திருப்பம்.
வரைபடம் 6: கீழிருந்து மேலே. திருப்பமே இல்லை.

முனைகளை வைத்து முதல் பிரிவு. இ, ஈ இரண்டும் நான்காம் படி, இரு முனைகளும் மேலே. ஆகவே வரைபடம் 2, 4 இவற்றுக்கு உரியவை. மீதி நான்கு சமன்பாடுகளும் ஒற்றைப்படைப் படி, மிகைக் கெழு. அவற்றுக்கு வரைபடம் 1, 3, 5, 6. முனைகள் இதற்கு மேல் உதவாது.

இனி மதிப்பு வரிசைகள், x = −2 இலிருந்து 2 வரை:

அ: 0, 4, 2, 0, 4
ஆ: −12, −2, 2, 6, 16
இ: 2, −1, 2, −1, 2
ஈ: 50, 7, 2, −1, −14
உ: 2, 2, 2, 2, 2
ஊ: −20, 6, 2, −2, 24

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது உ. ஐந்து புள்ளிகளிலும் y = 2. புள்ளிகளைக் குறித்து அளவுகோலால் இணைப்பவர் கிடைமட்டக் கோடு ஒன்றை வரைந்துவிட்டு, கணக்கில் எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று நினைப்பார். கணக்கு சரிதான். y − 2 ஐக் காரணிப்படுத்தினால் x(x² − 1)(x² − 4) என்று வரும், அது இந்த ஐந்து இடங்களிலும் பூஜ்ஜியம். ஐந்து சம மதிப்புகளுக்கு நடுவே நான்கு இடைவெளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு திருப்பம். ஆகவே தரை நான்கு. படி 5 என்பதால் கூரையும் நான்கு. சரியாக நான்கு திருப்பங்கள், சந்தேகத்துக்கு இடமே இல்லை. வரைபடம் 5 உ வுக்கு உரியது. வகைக்கெழுவைப் பயன்படுத்தி இதே முடிவுக்கு வர நாலாம் படிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க வேண்டியிருந்திருக்கும்.

இ யின் வரிசை இறங்கி, ஏறி, இறங்கி, ஏறுகிறது. மூன்று மாற்றங்கள். தரை மூன்று, கூரையும் மூன்று. வரைபடம் 2 இ தான். அப்படியானால் ஈ க்கு வரைபடம் 4 மட்டுமே மிஞ்சுகிறது. ஈ யின் வரிசையை மட்டும் பார்த்திருந்தால் முடிவுசெய்திருக்க முடியாது. அது இறங்கிக்கொண்டே போகிறது, ஆனால் வலது முனை மேலே போக வேண்டும் என்பதால் எங்கோ ஒரு திருப்பமாவது உண்டு. தரை ஒன்று, கூரை மூன்று. இப்படி இடைவெளி இருக்கும் சமன்பாடுகளைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, தரையும் கூரையும் ஒட்டிக்கொள்ளும் சமன்பாடுகளை முதலில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அ வின் வரிசை ஏறி, இறங்கி, ஏறுகிறது. தரை இரண்டு, படி 3 என்பதால் கூரை இரண்டு. சரியாக இரண்டு. ஊ வும் ஏறி, இறங்கி, ஏறுகிறது. தரை இரண்டு, கூரை நான்கு. ஆனால் நான்கு திருப்பமுள்ள ஒரே வரைபடத்தை உ எடுத்துக்கொண்டுவிட்டது. எனவே ஊ வுக்கும் இரண்டுதான். ஆ வுக்கு வரைபடம் 6 மட்டுமே மிஞ்சுகிறது. அதை நேரடியாகவும் சரிபார்க்கலாம்: x கூடும்போது x³ உம் கூடுகிறது, 3x உம் கூடுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை இறங்க வழியில்லை.

அ, ஊ இரண்டுக்கும் இரண்டு திருப்பம், முனைகளும் ஒரே மாதிரி. ஒன்று மூன்றாம் படி, மற்றது ஐந்தாம் படி. "இரண்டு திருப்பம், ஆகவே மூன்றாம் படி" என்று தொடங்கியவர் இங்கே வந்து மாட்டிக்கொள்வார். திருப்பங்களின் எண்ணிக்கை இந்த இரண்டையும் பிரிக்கவே பிரிக்காது. வேறு அடையாளம் வேண்டும். அது நம் பட்டியலிலேயே இருக்கிறது. x = 1 இல் அ வின் மதிப்பு 0, ஊ வின் மதிப்பு −2. அ வில் (x − 1)² என்ற காரணி இருப்பதால் வளைவு அங்கே x அச்சைத் தொட்டுத் திரும்புகிறது. ஊ அச்சைக் கடந்து கீழே போய்த் திரும்புகிறது. வரைபடம் 1 அ, வரைபடம் 3 ஊ. ஆறும் முடிந்தன.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

மேலே உள்ள எடுத்துக்காட்டில் வரைபடங்களின் திருப்ப எண்ணிக்கையை நானே சொல்லிவிட்டேன். நடைமுறையில் நீங்கள்தான் படத்தைப் பார்த்து எண்ண வேண்டும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

ஈ யை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் வளைவு x = 0 அருகே ஏறக்குறைய சமதளமாகிறது. இடப்பக்கத்திலிருந்து இறங்கி வந்து, (0, 2) இல் சற்று இளைப்பாறி, மீண்டும் இறங்குகிறது. வளைவின் குழிவு அங்கே மாறுவதால் அது வளைவு மாற்றப் புள்ளி, திரும்பு புள்ளி அல்ல. அவசரமாகப் பார்ப்பவர் இதையும் எண்ணி இரண்டு திருப்பம் என்பார். இரு முனைகளும் மேலே இருக்கும் வளைவில் இரண்டு வரக் கூடாது என்ற விதி அப்போதே மணியடித்துவிடும். சந்தேகமான இடத்துக்குச் சற்று இடப்புறமும் சற்று வலப்புறமும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றே என்றால் அதை எண்ண வேண்டாம்.

அதே ஈ இன்னொரு வகையிலும் ஏமாற்றும். அதன் ஒரே திருப்பம் (3, −25) இல் இருக்கிறது. படத்தில் இரு அச்சுகளும் −10 முதல் 10 வரை மட்டுமே காட்டப்பட்டால், வளைவு கீழ் விளிம்பைத் தாண்டி மறைந்துபோய், x = 4 ஐ நெருங்கும்போது மீண்டும் கீழிருந்து எழுந்து வரும். பார்ப்பதற்குத் தொடர்பில்லாத இரண்டு துண்டுகள் போலத் தெரியும், திருப்பம் கண்ணில் படவே படாது. x அச்சை −2 முதல் 2 வரை மட்டும் காட்டினால் இன்னும் மோசம்: வலது முனை கீழ்நோக்கிப் போவது போலத் தோன்றி, குறைக் கெழுவுள்ள மூன்றாம் படி வளைவு என்று முடிவெடுக்க வைக்கும். எனவே திரையில் வரைந்து பார்க்கும்போது, சமன்பாட்டிலிருந்து நீங்கள் எதிர்பார்த்த முனைகள் இரண்டும் படத்தில் தெரிகின்றனவா என்பதை முதலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் எல்லையை விரியுங்கள், அதன் பிறகு எண்ணுங்கள்.

x அச்சை வெட்டும் இடங்களை எண்ணி, அதைத் திருப்பங்களோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. y = x⁴ − 4x² + 10 என்பது இ யை 8 அலகு மேலே தூக்கிவைத்தது, அவ்வளவுதான். மூன்று திருப்பங்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அது x அச்சை ஓரிடத்தில்கூடத் தொடுவதில்லை. வளைவை மேலே கீழே நகர்த்தினால் வெட்டும் இடங்கள் மாறும், திருப்பங்கள் மாறாது.

பல்லுறுப்புக்கோவை அல்லாதவற்றுக்கு இந்த விதியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். y = |x| இல் ஒரு திருப்பம் இருக்கிறது, sin x இல் முடிவில்லாமல் இருக்கின்றன. அவற்றுக்குப் படி என்ற ஒன்றே கிடையாது.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத திருப்பங்கள். y = x³ − 0.03x என்பதை வழக்கமான அளவில் வரைந்தால் அச்சு அசல் x³ போலவே இருக்கும். திருப்பம் பூஜ்ஜியம் என்று எழுதிவிடுவீர்கள். x அச்சை −0.2 முதல் 0.2 வரையும் y அச்சை −0.005 முதல் 0.005 வரையும் சுருக்கிப் பாருங்கள். x = −0.1 இல் 0.002 உயரத்துக்கு ஒரு மேடும், x = 0.1 இல் அதே அளவு ஆழத்துக்கு ஒரு பள்ளமும் இருக்கும். மதிப்பு வரிசையும் இங்கே கைகொடுக்காது: −2 முதல் 2 வரை முழு எண்களைப் போட்டால் அது ஏறிக்கொண்டேதான் போகும். ஆகவே படத்தில் எண்ணியதும் ஒரு தரை மட்டுமே. நான்கு திருப்பம் தெரிந்தால் படி குறைந்தது 5 என்று துணிந்து சொல்லலாம், மூன்றாம் படிச் சமன்பாட்டை அடித்துவிடலாம். ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சமன்பாட்டையும் அடித்துவிட முடியாது.